அடிக்கோடிட்ட சொல்லைக் காது எப்படிப் பார்க்கும்?

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். உரைப்பகுதியை வாசித்துப் பதிவு செய்து ஒலிக்கோப்பாகத் தருகிறேன். கணினியில் திரைவாசிப்பானும் இருக்கிறது. வகுப்பில் பேசும்போது இருவரும் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆனால் வாசித்தறிதல் தேர்வில் மதிப்பெண் பாதியாகக் குறைகிறது. இவர்களுக்குக் கேள்விகளை எளிதாக்க வேண்டுமா, நேரத்தைக் கூட்ட வேண்டுமா? – ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கேள்விகளை எளிதாக்க வேண்டாம். வாசித்தறிதல் வினா ஒவ்வொன்றிலும் இரண்டு வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. பொருளைப் புரிந்துகொள்வது ஒன்று. அதற்கு வேண்டிய இடத்தைத் தாளில் கண்டுபிடிப்பது மற்றொன்று. கண்ணால் படிக்கும் மாணவருக்கு இரண்டாவது வேலை ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் வினா தயாரிக்கும் நமக்கு அது தெரிவதே இல்லை. காதால் படிப்பவருக்கோ பெரும்பாலான நேரத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. முதல் வேலையைத் தொடாமல், இரண்டாவதை மட்டும் காதுக்கு ஏற்ற வழிக்கு மாற்றித் தருவதுதான் நீங்கள் செய்ய வேண்டியது.

ஒரு தாளை எடுத்து மாற்றிப் பார்ப்போம். தேனீக்களின் நடனத்தைப் பற்றி ஐந்து பத்திகள் கொண்ட ஓர் உரைப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவைக் கண்டுவந்த தேனீ, செங்குத்தான தேனடையின் மேல் உடலை ஆட்டிக்கொண்டே நேராக ஓடுகிறது. அந்த ஓட்டம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, சூரியன் இருக்கும் திசையிலிருந்து அவ்வளவு விலகி உணவு இருக்கிறது. ஆட்டம் நீடிக்கும் நேரம் தொலைவைக் காட்டுகிறது. இதை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கூட்டின் உள்ளே இருட்டு என்பதால் மற்றத் தேனீக்கள் இந்த நடனத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. உணர்கொம்புகளால் தொட்டுத்தான் பின்தொடர்கின்றன. உங்கள் மாணவர்களுக்குப் பிடிக்கும் செய்தி இது.

தாளின் முதல் வினா: “12-ஆம் வரியில் அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பொருள் எழுதுக.” இதில் இரண்டு பொறிகள் உள்ளன. திரையில் வரி என்பது நிலையானதன்று; எழுத்தின் அளவோ சாளரத்தின் அகலமோ மாறினால் 12-ஆம் வரி வேறோர் இடத்துக்குப் போய்விடும். அடிக்கோட்டைத் திரைவாசிப்பான் தானாகச் சொல்லாது. வடிவமைப்புகளையும் படிக்கும்படி அமைப்பில் மாற்றினால்தான் சொல்லும், அப்படி மாற்றினால் வேண்டாத இடங்களிலும் சொல்லிக் காதைக் குழப்பும். எனவே வினாவே அந்தத் தொடரைக் கையில் கொடுத்துவிட வேண்டும்: “மூன்றாம் பத்தியில் ‘செங்குத்தான தேனடையின் மேல் தேனீ ஓடுகிறது’ என்று வருகிறது. இதில் ‘செங்குத்தான’ என்பதன் பொருள் என்ன?” தொடரை எடுத்துத் தரும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொருளை ஊகிக்க உதவும் குறிப்பு அடுத்த வாக்கியத்தில் இருந்தால், அதையும் சேர்த்துத் தரக் கூடாது. அதைத் தேடிப் போய்ப் படிப்பது மாணவரின் வேலை.

அவர் தேடிப் போவதற்கு வழி இருக்க வேண்டுமல்லவா? ஒலிக்கோப்பு மட்டும் தந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. மூன்று நிமிடப் பதிவில் மூன்றாம் பத்தி எந்த நொடியில் தொடங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் எழுத்துக்கோப்பை முதன்மையாகவும் ஒலிப்பதிவைத் துணையாகவும் தாருங்கள் என்பது என் கருத்து. ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு தலைப்பு வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பாகிவிடாது. சொற்செயலியில் தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வலைப்பக்கமானால் இப்படி எழுத வேண்டும்:

```
<html lang="ta">
<h2>பத்தி 3</h2>
```

வலைப்பக்கத்தில் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மாணவர் H விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், Shift + H அழுத்தினால் முந்தைய தலைப்புக்கும் தாவுவார். ஒரு சொல்லைத் தேட NVDA + Ctrl + F போதும்; இதில் NVDA என்பது வழக்கமாக Insert விசை. கண்ணால் படிப்பவர் பக்கத்தை மேலோட்டமாகத் துழாவுவதற்கு ஈடானவை இவைதான். முதல் வரியில் உள்ள `lang="ta"` இது தமிழ் உரை என்பதைத் திரைவாசிப்பானுக்குத் தெரிவிக்கிறது; தமிழ்க் குரல் நிறுவப்பட்டிருந்தால் அந்தக் குரலுக்கு மாறிக்கொள்ள இந்த அடையாளம் உதவும். உரைப்பகுதியை ஒரு கோப்பிலும் வினாக்களை இன்னொரு கோப்பிலும் வைத்துத் தனித்தனிச் சாளரங்களில் திறந்தால் Alt + Tab அழுத்தி இரண்டுக்கும் இடையே போய்வரலாம். ஒவ்வொன்றிலும் விட்ட இடம் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் ஒவ்வொரு முறையும் இடத்தைத் தொலைத்துத் தேட வேண்டியிருக்கும்.

உங்கள் பழைய வினாத்தாள்கள் பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையா என்றும் பாருங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பானுக்கு அவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத்தான் போய்ச் சேரும். வேறோர் எழுத்துருவுக்கு மாற்றிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது படம். “படத்தைப் பார்த்து, உணவு எங்கே இருக்கிறது என்று கூறுக” என்பது வினா. பலரும் இதை நீக்கிவிடுகிறார்கள். அது வீண் இழப்பு. படத்துக்கு விளக்கம் எழுதுங்கள், ஆனால் விடையை அதில் எழுதிவிடாதீர்கள். “தேனீ செங்குத்துக் கோட்டுக்கு வலப்புறம் 40 பாகை சாய்ந்து ஓடுகிறது. எனவே உணவு சூரியனுக்கு வலப்புறம் 40 பாகையில் இருக்கிறது” என்று எழுதினால் மாணவர் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டால், உரைப்பகுதியில் படித்த விதியைப் பொருத்திப் பார்க்கும் வேலை அப்படியே அவரிடம் இருக்கும். கண் படத்திலிருந்து எதை மட்டும் எடுத்துக்கொள்ளுமோ, அதை மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும். விரலால் தடவி அறியும் மேடுகோட்டுப் படம் செய்ய வசதியிருந்தால் இன்னும் நல்லது. பாகை என்பதைக் குறியீடாகப் போடாமல் சொல்லாகவே எழுதுங்கள். சில குரல்கள் குறியீட்டை விழுங்கிவிடும்.

பலவுள் தெரிவு வினாவில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். விடைகளுக்கு வழக்கம்போல் அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டிருந்தேன். கணினிக் குரல் வேகமாகப் படிக்கும்போது அ-வும் ஆ-வும் ஒன்றுபோலவே கேட்டன. சரியான விடையைத் தெரிந்து வைத்திருந்த மாணவி தவறான எழுத்தைக் குறித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து 1, 2, 3, 4 தான். விடைகளின் நீளமும் ஒரு சிக்கல். நான்கு விடைகளும் “தேனீயின் நடனம் மற்றத் தேனீக்களுக்கு” என்றே தொடங்கினால், கேட்பவர் நான்கு முறையும் அதைக் கேட்டு முடித்த பிறகுதான் வேறுபாடு வரும். அதற்குள் முதல் விடை மறந்திருக்கும். பொதுவான பகுதியை வினாவுக்குள் ஏற்றிவிட்டு, வேறுபடும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் விடைகளாக வையுங்கள். பொருத்துக வினாவும் இதே சுமைதான். இடப்புறமும் வலப்புறமும் ஐந்தைந்து என்றால் பத்தையும் மனத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தனித்தனி வினாக்களாகப் பிரிப்பதே நியாயம்.

கோடிட்ட இடத்தைப் பொறுத்தவரை, தொடர்ச்சியாக இடப்பட்ட அடிக்கோட்டுக் குறிகளைத் திரைவாசிப்பான் தன் நிறுத்தக்குறி அமைப்புக்கு ஏற்ப ஓசையின்றித் தாண்டிவிடலாம். “நடனத்தின் நேரம் காட்டுகிறது” என்று முழு வாக்கியம் போலவே அது ஒலிக்கும். “நடனத்தின் நேரம் [விடுபட்ட சொல்] காட்டுகிறது” என்று எழுத்திலேயே எழுதிவிடுங்கள்.

“தேனீ இருட்டில் ஆடுவது ஏன் தடையாக இல்லை?” என்பது போன்ற ஊகித்தறியும் வினாக்களில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். உங்கள் மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று காட்டும் கண்ணாடியும் இவைதான். ஊகித்தறியும் வினாக்களில் மதிப்பெண் பெற்று, வரி, படம், பொருத்துக என்பவற்றில் இழந்திருந்தால் குறை தாளில் இருக்கிறது. இரண்டிலும் இழந்திருந்தால் உரைப்பகுதியே அவர்களுக்குப் புரியவில்லை. பழைய விடைத்தாள்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

உங்கள் குரல்பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வாசிக்கும்போது குரல் தானாக ஏறி இறங்குகிறது. எழுத்தாளர் கேலி செய்கிறாரா, வருந்துகிறாரா என்று கேட்கும் வினாவுக்கு நம் குரலே விடை சொல்லிவிடும். அப்படிப்பட்ட வினா இருந்தால் சமநிலையான குரலில் வாசிக்க வேண்டும், அல்லது திரைவாசிப்பானுக்கே விட்டுவிட வேண்டும். எழுத்துப்பிழை, ஒற்று மிகுமிடம் ஆகியவற்றை ஒலிப்பதிவைக் கொண்டு சோதிக்கவே முடியாது. திரைவாசிப்பானில் வலது அம்புக்குறியை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்கலாம். ஆனால் ல, ள, ழ ஆகியவற்றை உங்கள் கணினியில் உள்ள குரல் பிரித்துச் சொல்கிறதா என்று நீங்கள் முதலில் கேட்டுப் பாருங்கள். சொல்லாவிட்டால் அந்த வினாவுக்குப் பிரெயில் தாள்தான் வழி.

நேரத்தைக் கூட்டத்தான் வேண்டும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள். மூன்று நிமிட உரையில் ஐந்து பத்திகள் என்றால் ஒரு பத்தியைத் திரும்பக் கேட்க ஏறக்குறைய 36 நொடி. ஆறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை போய்ப் பார்ப்பதாகக் கொண்டால் 12 முறை; திரும்பக் கேட்பதற்கே ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல். வினாக்களையும் விடைகளையும் கேட்கும் நேரம் இதில் சேரவில்லை. தாளைக் கொடுப்பதற்கு முன் கணினித் திரையை அணைத்துவிட்டு, காதொலிப்பானோடு உட்கார்ந்து ஆறு வினாக்களுக்கும் நீங்களே விடையளித்துப் பாருங்கள். உங்களுக்குத் திரைவாசிப்பான் பழக்கமில்லாததால் நேரம் மிகையாக வரும், அதை அப்படியே அளவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் எந்த வினாவில் நீங்கள் பொறுமையிழந்து திரையைப் போடக் கை நீட்டுகிறீர்களோ, அந்த வினாவை முதலில் திருத்துங்கள்.