மேலாளருக்குத் தேவை காரணம் அல்ல, முடிவெடுக்க வழி

கேள்வி: போன வேலையில் எங்கள் பணம் செலுத்தும் பக்கம் ஒன்றரை மணி நேரம் முடங்கியது. தரவுதள இணைப்புகள் 50தான். பணம் செலுத்துவது தோல்வியடைந்தால் இணைப்பு திரும்பி வராமல் போனது. சர்வரை மறுதொடக்கம் செய்தால் 20 நிமிடம் ஓடும், மறுபடி நிற்கும். கடைசியில் முந்தைய பதிப்புக்குத் திரும்பினோம். புதிய தள்ளுபடி வசதியும் அதோடு போனது. பிழை என்னுடைய மாற்றத்தில்தான் இருந்தது. "தொழில்நுட்பம் தெரியாத மேலாளரிடம் ஒரு கோளாறை எப்படி விளக்கினீர்கள்?" என்று நேர்காணலில் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். பாதியிலேயே அவர்கள் முகம் மாறிவிடுகிறது. எளிமையாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ?

பதில்: நினைக்க மாட்டார்கள். உங்கள் சிக்கல் எளிமை பற்றியதே அல்ல. கோளாறு என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. மேலாளரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். உங்கள் கடிதத்தில் இணைப்பு இருக்கிறது, சர்வர் இருக்கிறது, அந்த மேலாளரைத்தான் காணோம்.

அன்று அவருக்கு மேலே ஒருவர் தொலைபேசியில் காத்திருந்திருப்பார். வாடிக்கையாளர்களுக்கு எது வேலை செய்யவில்லை, யாருடைய பணமாவது மாட்டிக்கொண்டதா, தான் இப்போது எதை முடிவு செய்ய வேண்டும் என்பவைதான் அவருக்குத் தேவை. ஆகவே நேர்காணலில் அவரிடம் பேசிய வாக்கியங்களையே சொல்லுங்கள். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"பொருள்களைப் பார்க்க முடிகிறது, பணம் செலுத்த முடியவில்லை என்று முதலில் சொன்னேன். பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகாதவர்கள் உண்டா என்று அவர் கேட்டார். இன்னும் சரிபார்க்கவில்லை, 11 மணிக்குச் சொல்கிறேன் என்றேன். மறுதொடக்கம் செய்தும் ஏன் திரும்பவும் நிற்கிறது என்றார். உள்ளே போக 50 நுழைவுச் சீட்டுகள்தான் இருக்கின்றன, பணம் செலுத்துவது தோல்வியடையும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு திரும்பி வருவதில்லை, மறுதொடக்கம் செய்தால் ஐம்பதும் கைக்கு வரும், பிறகு மறுபடி தீர்ந்துவிடும் என்றேன். பழைய பதிப்புக்குத் திரும்பினால் உடனே சரியாகும், ஆனால் தள்ளுபடி வசதி இன்று இருக்காது; அதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் நிற்கும், எது வேண்டும் என்று கேட்டேன். பழைய பதிப்புக்கே திரும்பச் சொன்னார்."

இதில் உவமை ஒரே வாக்கியம்தான், அதுவும் அவர் கேட்ட பிறகுதான் வருகிறது. "இன்னும் சரிபார்க்கவில்லை" என்பதை வெட்டிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்று நேரம் குறித்ததுதான் இந்தப் பதிலில் அதிக மதிப்புள்ள இடம். குறித்த நேரத்தில் அவரிடம் சொன்னீர்களா, என்ன தெரியவந்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள். முழுவதும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கட்டணம் வாங்கிக்கொண்டு 'தயார் பதில்கள்' விற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நான் நேர்காணல் எடுத்த நாள்களில் ஒரே தண்ணீர்க் குழாய் உவமையை, ஒரே நள்ளிரவு அழைப்பை, ஒரே 'மேலாளர் பாராட்டினார்' முடிவைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். "அந்த மேலாளர் உங்களிடம் என்ன கேட்டார்?" என்ற ஒரு கேள்வி போதும், விலைக்கு வாங்கிய கதை அங்கேயே நின்றுவிடும். உண்மையில் அனுபவித்தவருக்கு அதுதான் மிக எளிய கேள்வி. சூழல், பணி, செயல், விளைவு என்ற நாலு கட்டத்தை மனப்பாடம் செய்ய வைப்பதும் இவர்கள் வேலைதான். அப்படி மனப்பாடம் செய்தவர்கள் நேரத்தில் பாதியைச் சூழலிலேயே தீர்த்துவிட்டு, செயலுக்கு வரும்போது மூச்சு வாங்குகிறார்கள். நிறுவனங்களும் சளைத்தவை அல்ல. மதிப்பெண் தாளில் 'எளிமையாக விளக்கினாரா' என்று ஒரு கட்டம், அடுத்த சுற்றில் 'ஆழம் போதவில்லை' என்று ஒரு குறிப்பு. இதை நீங்கள் திருத்த முடியாது. ஆழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் எடுங்கள்: பிழை நேர்ந்தாலும் இணைப்பை மூடும் வரியை `finally` பகுதியில் வைக்கத் தவறியது.

பிழை உங்களுடையது என்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறொருவர் பிழையாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில் கடந்துவிடலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. "ஒரு மாற்றம் செய்யப்பட்டிருந்தது" என்று செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்தால் நேர்காணல் எடுப்பவருக்கு உடனே தெரியும், அடுத்த கேள்வி "யார் செய்தது?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு ஒப்புக்கொள்வது பிடிபட்டு ஒப்புக்கொள்வது. மேலாளரிடம் சொன்ன இடத்திலேயே "நேற்று நான் வெளியிட்ட மாற்றத்தில் பிழை" என்று ஒருமுறை சொல்லுங்கள். மன்னிப்பு, வருத்தம், தூங்காத இரவு எதுவும் வேண்டாம். நேரே அதன்பின் செய்ததற்குப் போங்கள்: பணம் செலுத்துவது தோல்வியடையும் நிலையையும் சோதிக்க ஒரு சோதனை, பயன்பாட்டில் உள்ள இணைப்புகள் 40ஐத் தாண்டினால் வரும் எச்சரிக்கை. இவற்றை நீங்கள் அப்போது செய்யவில்லை என்றால், செய்ததாகச் சொல்லாதீர்கள். "இன்று என்றால் இதைச் செய்வேன்" என்று சொல்லுங்கள்.