ஐந்து மாதத்துக்கு ஃபர்னிஷ்டு வீடு: அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

"அப்பாவின் சிகிச்சைக்காகத் தோஹாவில் இருந்து ஐந்து மாதம் மதுரை வருகிறோம். கே.கே.நகரில் ஃபர்னிஷ்டு வீடு, வாடகை 22,000, அட்வான்ஸ் ஆறு மாதம். 'பதினோரு மாத அக்ரிமென்ட் வழக்கத்துக்குத்தான், எப்ப வேணும்னாலும் காலி பண்ணிக்கலாம்' என்கிறார் ஓனர். வெளிநாடு என்றதும் வாடகையை ஏற்றிவிட்டார். சொந்த ஊரிலேயே இப்படியா என்று மனது வலிக்கிறது. கையெழுத்துப் போடலாமா?"

இப்படியே போடாதீர்கள். ஏற்றிய வாடகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை; 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி இருவரும் ஒப்புக்கொள்ளும் தொகைதான் வாடகை. நீங்கள் பார்க்க வேண்டியது, "எப்ப வேணும்னாலும்" என்ற சொல் அக்ரிமென்டில் இருக்கிறதா என்பதை. எழுதிய நிபந்தனைக்கு மாறாக வாயால் சொன்னதை நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் தராது. லாக்-இன், அதாவது குறிப்பிட்ட காலம்வரை காலி செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு, "குடியிருப்பவர் 30 நாள் எழுத்து நோட்டீஸில், வேறு தொகை எதுவும் தராமல் காலி செய்யலாம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

பணம் போவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். காலி செய்தபின் திருப்பித் தர ஓனருக்கு ஒரு மாதம் அவகாசமும் உண்டு. அதற்குள் நீங்கள் தோஹாவில் இருப்பீர்கள். பிறகு பெயின்டிங், சோபா கிழிசல், ஏசி சர்வீஸ், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாகக் கழியும். அங்கிருந்து வழக்கு நடத்த, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

அதனால் அட்வான்ஸை 66,000 ஆகக் குறைத்துப் பேசுங்கள். கடைசி இரண்டு மாத வாடகை 44,000 அதில் கழியும் என்றும், மீதி 22,000 சாவி கொடுக்கும் அன்றே வங்கி வழியாகத் தரப்படும் என்றும் எழுதுங்கள். தகராறு வந்தாலும் உங்கள் நஷ்டம் அந்த 22,000க்குள் நிற்கும்.

பொருள்களுக்கு என்ன உத்தரவாதம் என்று ஓனர் கேட்பார், அது நியாயமான கேள்வி. குடிபுகும் நாளிலேயே கட்டில், பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பேட்டரி எனப் பட்டியலிட்டு, ஏற்கெனவே உள்ள கீறல், கறையையும் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். "வழக்கமான தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை" என்ற வரியும், பெயின்டிங்குக்கு எவ்வளவு என்ற தொகையும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கரண்ட் பில் வரும் என்பதால், நுழையும் நாளும் கிளம்பும் நாளும் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

புறப்படும் வாரத்தில் ஐந்தாயிரம், பத்தாயிரம் கூடுதலாகப் பிடிக்கிறேன் என்று நின்றால், விட்டுக்கொடுத்து, மீதியை வாங்கிக்கொண்டு "கணக்கு தீர்ந்தது" என்று இருவரும் கையெழுத்திட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். பவர் பத்திரச் செலவும் வக்கீல் கட்டணமும் அதைவிட அதிகமாகும்.