தொடர்புடைய பட்டம் செல்லுமா என்று சான்றளிக்கும் அமைப்புக்கு மெயில் போடுவது எப்படி?

"நான் படித்தது ஊட்டச்சத்தியல். சுகாதாரக் கல்வியாளருக்கான CHES என்ற சான்றிதழ்த் தேர்வு எழுத ஆசை. என் பட்டம் தகுதிக்குள் வருமா என்று அவர்களுக்கு மெயில் போட வேண்டும். என்ன எழுதுவது?"

உங்கள் பட்டச் சான்றிதழில் 'சுகாதாரக் கல்வி' என்ற வார்த்தையே இருக்காது, அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் படித்தது சமூகப்பணி.

CHES தேர்வை நடத்தும் NCHEC என்ற அமெரிக்க அமைப்பின் விதியில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முதன்மைப் பாடமே சுகாதாரக் கல்வியாக இருக்க வேண்டும். இல்லையென்றால், பட்டம் எதுவானாலும் அதற்குள் குறைந்தது 25 செமஸ்டர் கிரெடிட் சுகாதாரக் கல்வியாளரின் எட்டுப் பொறுப்புகளைத் தொடும் பாடங்களாக இருக்க வேண்டும். தேவையைக் கணிப்பது, திட்டமிடுவது, செயல்படுத்துவது, மதிப்பீடும் ஆய்வும், பரிந்து பேசுவது, தொடர்பாடல், தலைமையும் நிர்வாகமும், தொழில்நெறி: இவைதான் அந்த எட்டு. நாமெல்லாம் இரண்டாவது வழிக்காரர்கள். அதனால் "என் பட்டம் செல்லுமா?" என்று கேட்டால், கையேட்டைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். அவர்கள் எண்ணுவது பாடங்களைத்தான்.

முதலில் மதிப்பெண் பட்டியலை எடுத்து நீங்களே எண்ணுங்கள். என் கணக்கைச் சொல்கிறேன். ஆய்வு முறைகள் 4, சமுதாய அமைப்பாக்கம் 4, நலத்திட்டமிடலும் நிர்வாகமும் 4, மருத்துவச் சமூகப்பணி 3, பொதுச் சுகாதாரம் 3, வளர்ச்சித் தொடர்பியல் 3. மொத்தம் 21. மிச்சம் இருந்தது களப்பணி, 6 கிரெடிட். அதைச் சேர்த்தால் 27, விட்டால் நான்கு குறைகிறது. ஆக, என் தகுதி முழுவதும் அந்த ஒரு பாடத்தில்தான் நின்றது. மதிப்பெண் பட்டியலிலோ அதற்கு வெறுமனே 'களப்பணி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது.

அதனால் மெயிலில் அதை மட்டும்தான் கேட்டேன். சாரம் இதுதான்:

"நான் 25 கிரெடிட் வழியில் விண்ணப்பிக்க விரும்புகிறேன். பட்டம் சமூகப்பணி. கணக்கில் வரும் என்று நான் கருதும் பாடங்களும், ஒவ்வொன்றும் தொடும் பொறுப்பும் கீழே உள்ளன. களப்பணியில் ஒரு குடியிருப்பின் சுகாதாரத் தேவையைக் கணித்து, விழிப்புணர்வு நிகழ்ச்சி திட்டமிட்டு நடத்தி, மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தோம். பாடத்திட்ட நகல் இணைத்துள்ளேன். இந்த 6 கிரெடிட்டைக் கணக்கில் எடுப்பீர்களா? கூடுதல் ஆவணம் ஏதும் தேவையா?"

இவ்வளவுதான். வேலை அனுபவம், ஆர்வம், எதிர்காலக் கனவு எதையும் சேர்க்கவில்லை. அனுபவத்தை எழுதினால் மதிப்பு கூடும் என்று சிலர் இங்கே வாதிடலாம். இந்த விதி கேட்பது படித்த பாடத்தை. வேலையில் செய்ததைக் கொண்டு அந்தக் குறையை நிரப்ப முடியாது.

பதில் மென்மையாகத்தான் வந்தது. பாடத்திட்டம் அப்படிச் சொல்கிறது என்றால் களப்பணியைப் பரிசீலிக்கலாம், இறுதி முடிவு விண்ணப்பத்தோடு வரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலைப் பார்த்த பிறகே என்றார்கள். அந்தப் பதிலையும் பாடத்திட்டத்தையும் விண்ணப்பத்தோடு வைத்தேன். தேர்வு எழுத அனுமதி வந்தது. மெயில் பதில் ஒரு உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் முன் எந்தப் பாடம் இடிக்கும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் ஊட்டச்சத்தியலில் உயிர்வேதியியல், உணவு நுண்ணுயிரியல் போன்றவற்றை இந்த 25-இல் எண்ண வேண்டாம். அவை எவ்வளவு கடினமாக இருந்தாலும் எட்டில் எதையும் தொடுவதில்லை. சமுதாய ஊட்டச்சத்து, ஊட்டச்சத்துக் கல்வி, ஆய்வு முறைகள், பயிற்சிப்பணி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகம் செமஸ்டர் கிரெடிட் அல்லாமல் குவார்ட்டர் கிரெடிட் தந்திருந்தால் 37 வேண்டும், அதையும் மெயிலிலேயே குறிப்பிடுங்கள்.

இதில் என்னை வாட்டியது சான்றளிக்கும் அமைப்பு அல்ல, நான் படித்த கல்லூரி. நான் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தின் நகலைத் துறையில் கேட்டால் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள், அலுவலகத்தில் கேட்டால் துறைக்கு. பாடத்திட்டம் மாற்றியபோது பழையதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கட்டணத்தை மட்டும் தேதி தவறாமல் வாங்கியவர்கள், என்ன சொல்லிக்கொடுத்தோம் என்ற காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டாமா? கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். அதில் துறையின் முத்திரை வாங்க மறுபடியும் அலைந்தேன். மெயிலை எழுத உட்காரும் முன்பே உங்கள் துறைக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள்.