புகார் எண் கையில் இருக்கிறது, காலக்கெடு?

கேள்வி: என் அம்மாவின் அறுவை சிகிச்சைக்கான மருத்துவக் காப்பீட்டுத் தொகையைத் தர முடியாது என்று நிறுவனம் 18.3.2024 அன்று கடிதம் அனுப்பியது. சர்க்கரை நோயை மறைத்துவிட்டோமாம். படிவத்தை நிரப்பியது முகவர், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன். கிளையில் போய்க் கேட்டபோது மரியாதை இல்லாமல் பேசி அனுப்பிவிட்டார்கள். 2.4.2024 அன்று அவர்களுடைய இணையதளத்தில் புகார் பதிவு செய்தேன். "உங்கள் புகார் ஏற்கப்பட்டது, 15 வேலை நாட்களில் தீர்வு கிடைக்கும்" என்று புகார் எண்ணோடு உடனே மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு எத்தனை நினைவூட்டல்கள்! போன டிசம்பரில் புதிய எண் கொடுத்து மீண்டும் அதே மின்னஞ்சல். இப்போது 2026 பிப்ரவரி முடியப் போகிறது. சென்ற வாரம் ஓர் அதிகாரி போனில் அழைத்து, 60 சதவீதம் வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். புகாரை ஏற்றுக்கொண்டவர்கள் முழுத் தொகையும் தர வேண்டாமா? இன்னும் காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்கக் கூடாது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட உங்களுக்கு இருக்கும் கடைசி நாள் 18.3.2026. நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப்படுவது அந்த ஒரு தேதிதான். கிளையில் பேசிய விதம் உங்களை நோகடித்திருக்கும், ஆனால் அதை மனுவில் இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டாம். அதை வைத்துத் தொகை கிடைக்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 69-வது பிரிவு இரண்டு வருட அவகாசம் தருகிறது. வழக்குக்கான காரணம் எந்த நாளில் எழுந்ததோ அந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும். உங்கள் வழக்கில் அது பணம் தர முடியாது என்று நிறுவனம் சொன்ன நாள். கடிதம் நாலு நாள் தாமதமாகக் கைக்கு வந்திருந்தாலும், கடிதத்தில் உள்ள தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளுக்காக ஒரு வாதத்தை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் அதிகம் விழுந்த குழி, அந்த மின்னஞ்சலில் உள்ள "ஏற்கப்பட்டது" என்ற சொல். படிப்பவர் மனதில் அது "நம் பக்க நியாயத்தை ஒத்துக்கொண்டார்கள்" என்று பதிந்துவிடுகிறது. அதன் பொருள் உங்கள் தாள் அவர்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். காலவரையறைச் சட்டம் 1963-ன் 18-வது பிரிவுப்படி, எதிர்த்தரப்பு தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்டு, கெடு முடிவதற்குள் கையொப்பமும் இட்டிருந்தால் அன்றிலிருந்து கெடு புதிதாக ஓடும். "புகார் வந்து சேர்ந்தது, எண் இது" என்பதில் பொறுப்பை ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்கூட இல்லை. 15 வேலை நாள் என்பதும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கணக்கு. அது தவறினால் அவர்களுடைய சேவைக் குறைபாட்டுக்கு ஒரு சாட்சியாகும். உங்கள் இரண்டு வருடத்தில் அது ஒரு நாளைக்கூடக் கூட்டாது.

நினைவூட்டல்களும் அப்படித்தான். சட்டத்தில் இடமில்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் காலவரையறை நீளாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1989-லேயே ஓர் அரசு ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. டிசம்பரில் வந்த புதிய எண்ணை நம்பியும் ஏமாறாதீர்கள். பழைய புகாருக்குப் புது எண் ஒட்டினால் அது புதுப் புகார் ஆகிவிடாது.

ஒரு கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. உங்களுக்கு அது தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போக, 2017-ம் வருட விதிகளின்படி, நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் வரை பதில் வராவிட்டால் அதிலிருந்து ஒரு வருடம் அவகாசம். நீங்கள் எழுதியது 2.4.2024, மாதம் முடிந்தது 2.5.2024, அவகாசம் தீர்ந்தது 2.5.2025. அந்த ஒரு வருடம் முழுக்க நீங்கள் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் கெடு தாண்டினாலும், போதிய காரணம் காட்டினால் ஆணையம் தாமதத்தை மன்னிக்கலாம் என்று 69-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் "பதில் வரும் என்று காத்திருந்தேன்" என்ற காரணத்தோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் போனார்கள்.

இன்னொரு ஆபத்து, அந்த மின்னஞ்சலில் என்ன இல்லை என்பது. திறந்து பாருங்கள். எண், தேதி, கெடு, "இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்ற ஒரு வரி. நீங்கள் இணையப் படிவத்தில் எழுதிய புகார் வாசகம் அதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, நான்காக மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது. ஆணையத்தில் எதிர்த்தரப்பு தன் பதிவேட்டைக் காட்டியது. அந்த எண்ணுக்கு நேரே "ஆவண நகல் கோரிக்கை, அனுப்பப்பட்டது, முடிக்கப்பட்டது" என்று இருந்தது. படிவத்தில் தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தான் தொகையைத்தான் கேட்டேன் என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

அதனால் இன்றைக்கே அவர்களுடைய குறைதீர் அதிகாரியின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு புகார் எண்களையும் தேதியோடு குறிப்பிட்டு, "இந்த எண்களில் நான் கேட்டது இது" என்று முழுப் புகாரையும் எழுதுங்கள். இது கெடுவை நீட்டாது. எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதற்கு ஓர் எழுத்து இருக்கும். அப்புறம், வந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு வருகிறார்கள், அது போதாது. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் கேட்கப்படலாம். மூல மின்னஞ்சல் உங்கள் கணக்கில் அப்படியே இருந்தால்தான் அதைச் சிக்கலில்லாமல் கொடுக்க முடியும்.

இனி அந்த 60 சதவீதம். வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். முகவர் நிரப்பினார் என்பது உண்மையாகவே இருக்கும், நான் நம்புகிறேன். ஆனால் "எல்லாம் சரி" என்ற வாசகத்துக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. சர்க்கரை நோய்க்கும் இந்த அறுவை சிகிச்சைக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் எழுதித் தந்தால் வாதாட இடம் உண்டு. வெற்றி நிச்சயம் என்று எந்த வக்கீல் சொன்னாலும் நம்பாதீர்கள். மேல்முறையீடு வரை போனால் வருடங்கள் ஆகும்.

ஆனால் போன் பேச்சு சமரசம் ஆகாது. அந்த அதிகாரி மார்ச் 19-ம் தேதி "மேலிடம் ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொன்னால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது. தொகையையும் பணம் வரும் நாளையும் குறிப்பிட்டு எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்று ஒரு ரசீது நீட்டுவார்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு மீதி 40 சதவீதம் கேட்டு வழக்குப் போடுவது, மோசடி அல்லது வற்புறுத்தலை நிரூபித்தால் ஒழிய, நடக்காத காரியம். அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள்.

மார்ச் 9-ம் தேதிக்குள் எழுத்து வராவிட்டால், மறுநாளே நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். குறை சொல்லித் திருப்பினால் சரிசெய்ய ஒரு வாரம் கையில் இருக்கும். மனு உள்ளே போன பிறகும் சமரசம் பேசலாம், ஆணையமே இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்கு அனுப்பும் வசதி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மனு போட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். தாக்கல் செய்த அன்றே மனு எண்ணை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.