ஊஞ்சல் ஆடுகிறது: பேய்க்கதையில் கிலி ஏற்றுவது பற்றிக் கேள்வி பதில்

கும்பகோணத்து வாசகி: என் பேய்க்கதையைப் படித்துவிட்டுத் தம்பி சிரிக்கிறான். புதிதாக எதையும் நடக்க வைக்காமல் பயமாக்க முடியுமா? "நள்ளிரவு. எங்கும் மயான அமைதி. திடீரென்று கூடத்திலிருந்து ஒரு பயங்கரமான சத்தம் கேட்டது. ரகு பயத்தில் நடுங்கியபடி எழுந்துபோய்ப் பார்த்தான். இறந்துபோன பாட்டியின் ஊஞ்சல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பிடித்து நிறுத்தினான்."

முதலில் "மயான", "பயங்கரமான", "பயத்தில் நடுங்கியபடி" மூன்றையும் அடித்துவிடுங்கள். தம்பி பயப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குப் பதிலாக இவையே பயந்து முடித்துவிடுகின்றன. "திடீரென்று" என்றதும் அவன் சுதாரித்துக்கொள்கிறான். "தானாக" என்பது புதிருக்கு நீங்களே சொல்லிவிடும் விடை.

ஆனால் பெரிய கோளாறு "இறந்துபோன பாட்டியின்" என்பதில் இருக்கிறது. கதையின் ஒரே வெடி அதுதான். அதை ஊஞ்சலுக்கு அடைமொழியாக்கிப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அதைப் பிரித்துத் தனி வாக்கியமாக்கி, இடம் மாற்றிப் பார்த்தேன்:

"ரகு விழித்தபோது கூடத்தில் ஊஞ்சல் ஆடும் சத்தம் கேட்டது. கொக்கியில் சங்கிலி உரசும் சத்தம், சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகியது. பாட்டிக்கு இன்றும் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. புரண்டு படுத்தான். பாட்டி போய் ஏழு மாதம் ஆகிறது. எழுந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, கூடத்துக்குப் போய்ப் பார்த்தான். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்தான். நின்றது."

முதல் நான்கு வாக்கியங்களில் வாசகன் நிம்மதியாக இருக்கிறான். பழகிய சத்தம், பழகிய பாட்டி. ஐந்தாவது அவனைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அந்த வாக்கியத்தில் ஓர் அலங்காரச் சொல்கூட இருக்கக் கூடாது.

மதுரை வாசகர்: ஆக, வாக்கியங்களைச் சின்னச் சின்னதாக வெட்டினால் போதும், இல்லையா?

பாதி சரி. எல்லாவற்றையும் வெட்டினால் துரத்தல் காட்சியின் வேகம் வந்துவிடும். கிலிக்கு அந்த வேகம் ஆகாது. தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது? அதைப் பயன்படுத்துங்கள். "எழுந்து, தடவிக்கொண்டே, நடந்து, போய்" என்று எச்சங்களாக அடுக்கும்போது, "பார்த்தான்" வரும்வரை வாசகன் மூச்சை விட முடியாது. அந்த நீளத்துக்குப் பிறகு வருவதால்தான் "பிடித்தான். நின்றது." இரண்டும் உறைக்கின்றன. ரகு கூடத்தை அடைய எவ்வளவு நேரம் ஆகுமோ, வாக்கியத்தைப் படித்து முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகட்டும். வாய்விட்டுப் படித்தால் எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

திருச்சி வாசகர்: "புரண்டு படுத்தான்" மூலத்தில் இல்லையே! ஏழு மாதமும் இல்லை. இது ஏமாற்று.

ஏழு மாதம் புதிய நிகழ்ச்சி அல்ல, இறந்துபோன செய்திக்கு ஒரு காலக்கணக்கு. புரண்டு படுத்தது சர்ச்சைக்குரியதுதான். எழுவதற்கு முன் அவன் படுத்துத்தானே இருந்தான் என்பது என் கட்சி. உங்களுக்கு உறுத்தினால் எடுத்துவிடுங்கள். "பிடித்தான், நிற்கவில்லை" என்று எழுதியிருந்தால் அது நிச்சயம் ஏமாற்று. அங்கே கதையே வேறாகிவிடுகிறது.

சேலத்து வாசகி: எங்கள் மாடி அறைக் கதவும் இரவில் தானாகத் திறக்கிறது. என்ன செய்யலாம்?

தச்சரைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் கீல் தொய்ந்திருக்கும். கதைக்கு வேண்டுமானால் வினையைத் தேர்ந்தெடுங்கள். "கதவு திறந்தது" வெறும் தகவல். "திறந்துகொண்டது" என்றால் கதவுக்கே ஒரு விருப்பம் இருப்பதுபோல் ஆகிறது. "திறந்துகிடந்தது" என்றால் யாரோ வந்துபோய் நேரமாகிவிட்டது. நடந்தது ஒன்றுதான். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும், ஏனென்றால் வந்தவர் இப்போது எங்கே என்ற கேள்வியை வாசகனே கேட்டுக்கொள்வான்.

நாகர்கோவில் வாசகர்: பேயை "அவள்" என்பதா, "அது" என்பதா?

பாதிவரை "அவள்" என்று எழுதி, ஒரே ஒரு முறை வினையை மட்டும் மாற்றிப் பாருங்கள்: "கிணற்றடியில் நின்றவள் திரும்பினாள். படியேறி வந்தாள். நிலைப்படியில் நின்றது." விளக்கம் வேண்டாம். மறுபடி மாற்றினால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்கள். ஒரு சிக்கலும் உண்டு. பல வட்டாரங்களில் வீட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் பாசமாகவே "அது" என்பார்கள். கதைசொல்லி அந்தப் பேச்சில் சொல்கிறான் என்றால் இந்த உத்தி கவனிக்கப்படாமலே போய்விடலாம். அங்கே என்ன செய்வது என்பதற்கு என்னிடம் திருப்தியான பதில் இல்லை. யாராவது எழுதிப் பார்த்திருந்தால் அந்தப் பத்தியை அனுப்புங்கள்.

கும்பகோணத்து வாசகி: தம்பியிடம் புதிய வடிவத்தைக் கொடுத்தேன். சிரிக்கவில்லை, "பாட்டி எப்போது செத்தாள், முன்னால் சொல்லவே இல்லையே" என்று கேட்டான்.

முன்னால் சொல்லிவிடாதீர்கள்.