அரபு பொலிஸ் ரிப்போர்ட்டும் அம்மாவின் சத்தியக் கடதாசியும்

"ஐயா, நான் சவூதியில் ஆறு வருசம் வேலை செய்தனான். இப்ப கனடாவுக்கு விண்ணப்பிக்கிறன். சவூதி பொலிஸ் ரிப்போர்ட் அரபியில இருக்கு. என்ட பேர் ஒவ்வொரு பேப்பர்ல ஒவ்வொரு மாதிரி எண்டதால அம்மா தமிழில ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தந்தவ. ரெண்டையும், இலங்கை பொலிஸ் ரிப்போர்ட்டையும் சேர்த்து மொழிபெயர்த்துத் தாறன் எண்டு ஏஜென்ட் சொல்றார். செய்யலாமா?" - களுவாஞ்சிக்குடி வாசகர்

கொழும்பிலிருந்து வந்த இலங்கை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள் தம்பி. அது ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்க ஒருவர் காசு கேட்கிறார் என்றால் மற்ற இரண்டையும் அவரிடம் கொடுக்க வேண்டாம். கோவை போட்டுத் தருகிறவரே மொழிபெயர்ப்பதைக் கனடா ஏற்பதும் இல்லை. சொந்தக்காரர் செய்தாலும் அப்படித்தான்.

அரபுத் தாளுக்கு, காத்தான்குடியில் நன்றாக அரபு வாசிக்கும் மௌலவி ஒருவரைக் காட்டுவார்கள். அவருடைய அரபில் குறையில்லை. ஆனால் நமக்கு வேண்டியது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் கையொப்பமும். அதோடு, மொழிபெயர்ப்பு சரியானது என்று அவர் தானே ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைத்தால் கனடாவுக்குப் பாதுகாப்பு. தாளைக் கொடுக்கும்போது பாஸ்போட் பிரதியையும் கொடுங்கள். அரபில் 'ப' ஒலிக்கு எழுத்து இல்லை. பரமேஸ்வரன் அங்கே 'பாரதி'யில் வரும் மெல்லிய 'ப'வோடுதான் எழுதப்பட்டிருப்பார். எழுத்தைப் பார்த்து அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் P போய் B வந்துவிடும், வேறொரு ஆள் ஆகிவிடுவீர்கள். பெயருக்குப் பாஸ்போட் எழுத்து, அடியில் ஒரு வரி மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. திகதி ஹிஜ்ரியில் இருந்தால் அதை விடாமல் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத் திகதி. 'அவருக்கெதிராகப் பதிவு இல்லை' என்று தாள் சொன்னால் அவ்வளவுதான். 'நல்லொழுக்கமுடையவர்' என்று அழகுபடுத்துவது மொழிபெயர்ப்பு இல்லை. பின்பக்கத்து முத்திரைகளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும்.

அம்மாவின் கடதாசிதான் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம். பாஸ்போட் எழுத்துக்கு மாற்று என்று இப்போதுதான் சொன்னேன். இங்கே அதைச் செய்யக் கூடாது. அம்மா சொல்வது என்ன? பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பாஸ்போட்டில் மூன்றாவது. மூன்றும் என் மகனே. மொழிபெயர்ப்பாளர் நல்ல மனதோடு மூன்றையும் பாஸ்போட் எழுத்துக்குத் திருத்திவிட்டால் 'பரமேஸ்வரனும் பரமேஸ்வரனும் பரமேஸ்வரனும் ஒரே ஆள்' என்று வாசிக்கும். வாசிக்கிற கனடா அதிகாரி என்னதான் நினைப்பார்? அந்தந்த ஆவணத்தில் ஆங்கில எழுத்து எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் அப்படியே. ஆங்கிலம் இல்லாத தமிழ்ப் பிறப்புச் சான்றிதழ் என்றால் ஒலிக்கேற்ப எழுதி, அப்படி எழுதியதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் எழுதிக் கொடுத்தது கந்தோர்கள். அதைச் சரிக்கட்ட அலைவது அம்மா. இதற்கு முடிவே இல்லை.

தொடக்க வாக்கியத்தைப் பாருங்கள். நம் சட்டப்படி கிறிஸ்தவர் சத்தியம் செய்கிறார். இந்து, பௌத்தர், முஸ்லிம் உறுதி கூறலாம். அம்மாவின் கடதாசியில் 'இந்துவாகிய நான் பயபக்தியுடனும் நேர்மையாகவும் உண்மையாகவும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது' என்றுதான் இருக்கும். இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்து, சத்தியம் செய்கிறேன் என்ற பொருளில் 'ஸ்வேர்' போட்டால் தப்பு; 'அஃபேர்ம்' வரவேண்டும். முடிவு வாக்கியத்திலும் அதே சொல். இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல் இருக்கிற மொழிபெயர்ப்பை நான் மாதம் ஒன்றாவது திருத்துகிறேன்.

கடைசியில் ஜேபியின் முத்திரை. சமாதான நீதவான் வேறு, நீதவான் வேறு. 'சமாதான' விடுபட்டு 'மஜிஸ்ட்ரேட்' என்று போனால், நீதிமன்றத்தில் முடித்த கடதாசி என்று அர்த்தமாகிவிடும். முத்திரையில் உள்ள பெயர், பதிவிலக்கம், எந்த மாவட்டத்துக்கு என்பது எல்லாமே வரவேண்டும். முத்திரை மங்கியிருந்தால் 'தெளிவில்லை' என்று எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். அம்மா கையெழுத்துப் போடாமல் இடது பெருவிரல் வைத்திருந்தால் அந்த இடத்தில் 'இடது பெருவிரல் அடையாளம்' என்று வரவேண்டும். 'கையொப்பம்' என்று போட்டுவிடக் கூடாது. அத்தோடு 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டு, விளங்கிக்கொண்டதன் பின்னர்' என்ற வரி மூலத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் அதைச் சேர்க்க முடியாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஜேபியிடம் போய்ப் புதுக் கடதாசி முடித்துவிட்டு மொழிபெயர்க்கக் கொடுங்கள்.