வாடகை வீட்டுக்கு 15 சதவீதக் கழிவா, ரசீதுக் கணக்கா?

"ஈசூனில் உள்ள எங்கள் நாலறை வீவக வீட்டை 2,800 வெள்ளிக்கு முழுசாக வாடகைக்கு விட்டுவிட்டு மகனோடு செங்காங்கில் இருக்கிறேன். வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து 15 சதவீதம் தானாகவே கழித்துவிடுவார்களாமே, அப்படியென்றால் சேர்த்துவைத்த ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கொண்டோ வைத்திருக்கும் என் தங்கையோ ரசீதுக் கணக்குதான் லாபம் என்கிறாள்." – வாசகி, செங்காங்

ரசீதுகளை இப்போதே போட வேண்டாம். இந்த ஆண்டுக் கணக்கை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

குடியிருப்பு வீட்டு வாடகைக்குச் சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம் 2016 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இரண்டு வழிகள் தருகிறது. மொத்த வாடகையில் 15 சதவீதத்தைச் செலவு என்று அப்படியே கழித்துக்கொள்ளலாம். அல்லது சொத்து வரி, நகர மன்றக் கட்டணம், பழுதுபார்ப்பு, தீக்காப்புறுதி என்று உண்மையில் செலவானதைக் கணக்குக் காட்டிக் கழிக்கலாம். ஏதாவது ஒன்றுதான். 15 சதவீதத்தையும் எடுத்துக்கொண்டு சொத்து வரியையும் தனியாகக் கழிப்பதுதான் பலர் செய்யும் தவறு. அந்த 15-க்குள் சொத்து வரியும் அடக்கம்.

வீட்டுக் கடன் வட்டி மட்டும் இதில் சேராது. எந்த வழியில் போனாலும் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். ஒருவருக்குக் கடனே இருக்காது, இன்னொருவருக்கு மலையளவு இருக்கும். அதை ஒரே சதவீதத்தில் அடக்கினால் நியாயமாக இருக்காது. தவிர, வட்டி எவ்வளவு என்பதற்குக் கடன் கொடுத்தவரிடமிருந்தே ஓர் அறிக்கை கிடைத்துவிடும், சரிபார்ப்பதும் சுலபம். ஆனால் வட்டியை மட்டும்தான் கழிக்கலாம், மாதத் தவணை முழுவதையும் அல்ல.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஆண்டு வாடகை 33,600 வெள்ளி, அதில் 15 சதவீதம் 5,040. வீட்டின் ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்று ஆணையம் மதிப்பிடும் தொகை, உங்கள் சொத்து வரிக் கடிதத்தில் இருக்கும். அது 24,000 என்று வைத்துக்கொண்டால், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 12 சதவீதப்படி சொத்து வரி 2,880. நகர மன்றக் கட்டணம் மாதம் 75 என்றால் ஆண்டுக்கு 900. ஏர்கான் சர்வீஸ், சின்னச் சின்னப் பழுதுகளுக்கு 300. ஆக மொத்தம் 4,080. இப்படிப்பட்ட ஆண்டில் 15 சதவீதமே மேல், கிட்டத்தட்ட ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கழிகிறது.

பழைய குடியிருப்பாளர் போய்ப் புதியவர் வரும் ஆண்டில் நிலைமை மாறலாம். முகவருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தால் உண்மைச் செலவு 6,880 ஆகிவிடும், அப்போது ரசீதுக் கணக்குதான் லாபம். ஒன்றைக் கவனியுங்கள்: முதன்முதலில் ஆள் பிடித்துத் தந்ததற்கான முகவர் கட்டணமும், முதன்முதலில் வாங்கிப் போட்ட கட்டில், குளிர்பதனப் பெட்டியும் கழிவில் வராது. அடுத்தடுத்த குடியிருப்பாளருக்கான கட்டணமும், கெட்டுப்போன பொருளுக்குப் பதிலாக அதே தரத்தில் வாங்கியதும் வரும்.

அரசு ஏன் சும்மா 15 சதவீதம் தருகிறது? குழாய் மாற்றியது பழுதுபார்ப்பா, வீட்டை மேம்படுத்தியதா என்று ஒவ்வொரு ரசீதிலும் வாதம் வரும். சில நூறு வெள்ளி வரிக்காக நீங்களும் அதிகாரியும் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். சாதாரண வீட்டுக்காரரின் செலவுக்குச் சற்று மேலாகவே ஒரு தொகையை வைத்துவிட்டால் பெரும்பாலோர் ரசீதை எடுக்கவே மாட்டார்கள். அரசுக்குக் கொஞ்சம் வரி குறைந்தாலும் சரிபார்க்கும் வேலை மிச்சம். அமெரிக்காவில் 1944-இல் வரி கட்டும் தனிநபர்களுக்கு நிலையான கழிவு வந்ததும் இதனால்தான்: போர்க்காலத்தில் கோடிக்கணக்கானோர் புதிதாக வரி கட்ட வந்தார்கள், அத்தனை பேரின் ரசீதையும் யார் பார்ப்பது? 2018-இல் அங்கே அந்தத் தொகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதும், ரசீதுக் கணக்குக் காட்டுவோர் சுமார் 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. சதவீதம் அப்படியே நிற்கும், செலவு நிற்காது. உங்கள் தங்கை சொல்வதன் காரணம் இதுதான். இந்த 15 சதவீதம் வந்தபோது வாடகை வீடுகளுக்கான சொத்து வரி 10 சதவீதத்தில் தொடங்கி 20-இல் முடிந்தது. 2024 முதல் அது 12-இல் தொடங்கி 36 வரை போகிறது. 6,000 வெள்ளிக்கு வாடகை விட்ட, ஆண்டு மதிப்பு 60,000 உள்ள ஒரு கொண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 30,000-க்கு 3,600, அடுத்த 15,000-க்கு 3,000, அதற்கடுத்த 15,000-க்கு 4,200, ஆக சொத்து வரி 10,800 வெள்ளி. ஆண்டு வாடகை 72,000-இல் 15 சதவீதமும் அதே 10,800-தான். கொண்டோவின் பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்த்தாலே ரசீதுக் கணக்கு முந்திவிடும். ஆகவே அவர் வீட்டுக்கு அவர் சொல்வது சரி, உங்கள் வீட்டுக்குப் பெரும்பாலான ஆண்டுகளில் 15 சதவீதம் சரி.

அப்புறம், 15 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் செலவு ரசீதுகள் தேவையில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தையும் கடன் வட்டி அறிக்கையையும் 5 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள், கேட்டால் காட்ட வேண்டும்.